மாதிரி எடுப்பதும் சாய்வும்: ஆய்வு வினாநிரல் தயாரிக்கும் முதுகலை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆய்வேடு எழுதும் பருவம் வந்தால் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்கிறேன்: ஒரு பல்கலைக்கழகத்தில் 4,000 முதுகலை மாணவர்கள் படிக்கிறார்கள், அவர்களில் எத்தனை சதவீதம் பேர் படித்துக்கொண்டே சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டும். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நானே வைத்தவை. உண்மை விடை 40% என்று நமக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும் என்று வைத்துக்கொள்வோம், அப்போதுதான் எந்த முறை எவ்வளவு விலகுகிறது என்று கண்ணால் பார்க்க முடியும்.

முழுத்தொகுதி, சட்டகம், மாதிரி, பதிலளித்தவர்கள். எல்லாம் ஒன்றுதானே, ஏன் தனித்தனியாக எழுதச் சொல்கிறார்கள்?

ஒன்று இல்லை. நீங்கள் யாரைப் பற்றி முடிவு சொல்லப் போகிறீர்களோ அவர்கள் முழுத்தொகுதி, இங்கே அந்த 4,000 பேரும். அவர்களை எட்டுவதற்கு உங்கள் கையில் இருக்கும் பெயர்ப் பட்டியல்தான் சட்டகம். அந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தவர்கள் மாதிரி. அவர்களில் படிவத்தை நிரப்பித் தந்தவர்கள் பதிலளித்தவர்கள்.

தனித்தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம், ஒவ்வொரு படியிலும் சிலர் கழன்றுவிடுகிறார்கள் என்பதுதான். பட்டியல் போன வருடத்தது என்றால் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதில் இல்லை. மாதிரியைக் கைக்கு வந்தபடி எடுத்தால் கண்ணில் படாதவர்கள் இல்லை. பதில் தராதவர்கள் கடைசிப் படியில் இல்லை. இப்படிக் கழன்றவர்கள் மற்றவர்களைப் போன்றவர்களாகவே இருந்தால் பெரிய கவலை இல்லை, கொஞ்சம் துல்லியம் குறையும், அவ்வளவுதான். நீங்கள் அளக்கும் விஷயத்திலேயே அவர்கள் வேறுபட்டவர்களாக இருந்தால் விடை ஒரு பக்கமாக நகரும். அந்த ஒருபக்க நகர்வைத்தான் சாய்வு என்கிறோம், பயாஸ் என்று வகுப்பில் சொல்வது இதைத்தான். கீழே வரும் எல்லாப் பதில்களும் ஏதோ ஒரு படியில் யார் கழன்றார்கள் என்ற கேள்விக்குத்தான் திரும்பி வரும்.

எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்? ஒருவர் 400 என்கிறார், இன்னொருவர் மொத்தத்தில் 10% என்கிறார்.

10% என்பதற்கு அடிப்படை எதுவும் இல்லை, அதை விட்டுவிடுங்கள். ஒரு சதவீதத்தை அளக்கும்போது பயன்படும் வழக்கமான சூத்திரம் இது; 95% நம்பிக்கை, 5 சதவீதப்புள்ளி பிழை எல்லை, அளக்கப்போகும் விகிதமான p-க்கு மிக மோசமான நிலையான 0.5:

```
n0 = 1.96^2 * 0.5 * 0.5 / 0.05^2 = 384.16  -> 385
n  = 385 / (1 + 384/4000)        = 351.3   -> 352
```

முதல் வரியில் முழுத்தொகுதியின் அளவு வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது வரிதான் சிறிய தொகுதிகளுக்கான திருத்தம். 4,000 பேருக்கு 352, அதுவே நான்கு லட்சம் பேராக இருந்தால் 385. தொகுதி நூறு மடங்கு ஆனாலும் தேவை 33 பேர்தான் கூடுகிறது. நண்பர் சொல்லும் 400 இங்கிருந்துதான் வருகிறது, கொஞ்சம் தூக்கலாக முழு எண்ணாக்கியது.

ஆனால் 352 என்பது கையில் வந்து சேர வேண்டிய பதில்களின் எண்ணிக்கை. 60% பேர்தான் பதில் தருவார்கள் என்று எதிர்பார்த்தால் 352-ஐ 0.6-ஆல் வகுத்து 587, சரி, 600 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம், ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாக முடிவு சொல்லப் போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கை ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகப் போட வேண்டும். மொத்தத்துக்குப் போதுமான எண்ணிக்கை பிரிவுக்குப் போதாது.

நூலக வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடம் ரேண்டமாகக் கேட்டேன். இது ரேண்டம் சாம்பிள்தானே?

இல்லை. யாரைக் கேட்பது என்று நீங்கள் திட்டமிடவில்லை என்பதால் அது சமவாய்ப்பு ஆகிவிடாது. பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு எவ்வளவு என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும், அது பூஜ்யமாக இருக்கக் கூடாது, தேர்வை உங்கள் கண்ணோ காலோ செய்யக் கூடாது. எளிய சமவாய்ப்பு முறையில் எல்லாருக்கும் அது சமமாக இருக்கும், இங்கே 600/4000, அதாவது 15%. நூலக வாசலில் வகுப்பு முடிந்ததும் வேலைக்கு ஓடுகிறவருக்கு வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யம், நீங்கள் எண்ண வந்ததோ அவரைத்தான். போதாக்குறைக்கு, முகம் கொடுத்துப் பேசுவார் என்று தோன்றுகிறவரிடம்தான் நாம் போவோம், இதை யாராலும் தவிர்க்க முடியாது.

சரியாகச் செய்வது இதைவிடச் சுலபம். பட்டியலுக்கு 1 முதல் 4000 வரை எண் கொடுங்கள், ஆர் மென்பொருளில் இரண்டே வரி:

```
set.seed(2718)
sample(1:4000, 600)
```

முதல் வரி எதற்கென்றால், வேறொருவர் அதே எண்ணைப் போட்டு, அதே மென்பொருளில் ஓட்டினால் அதே 600 பேர் வர வேண்டும். அந்த எண்ணை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள். பட்டியல் பிடிக்கவில்லை என்று எண்ணை மாற்றி மாற்றி ஓட்டக் கூடாது, அப்படிச் செய்தால் மறுபடியும் நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

கூகுள் படிவத்தை எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டேன், 900 பேர் பதில் தந்துவிட்டார்கள். 352-ஐவிட இது எவ்வளவோ மேல் அல்லவா?

இந்த நம்பிக்கையை உடைக்கத்தான் 1936-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது, ஏறத்தாழ 24 லட்சம் திரும்பி வந்தன. லேண்டன் எளிதாக வெல்வார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் சுமார் 61% வாக்குடன், 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். அந்த முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் பதிவு செய்திருந்தவர்கள் பட்டியல்களிலிருந்து வந்தவை, அந்தக் காலத்தில் அது வசதியானவர்களின் பட்டியல். அது மட்டும் காரணமில்லை. சீட்டு கிடைத்தும் கால்வாசிப் பேர்தான் திருப்பி அனுப்பினார்கள், அப்படி அனுப்பியவர்களில் லேண்டன் ஆதரவாளர்கள் அதிகம். சட்டகத்தில் ஒரு சாய்வு, பதிலில் ஒரு சாய்வு, இரண்டும் ஒரே பக்கம்.

உங்கள் 900-இல் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்: அந்தக் குழுக்களில் இருப்பவர்கள், அவர்களில் அந்த நாள் செய்தியைப் பார்த்தவர்கள், அவர்களில் நேரம் இருந்தவர்கள், அவர்களில் தலைப்பு தன்னைத் தொட்டதாக நினைத்தவர்கள். எத்தனை பேர் படிவத்தைப் பார்த்தார்கள் என்றே தெரியாது, அதனால் பதில் விகிதத்தைக்கூடக் கணக்கிட முடியாது. 900 சுய விருப்பப் பதில்களைவிட, பெயர் தெரிந்து தேர்ந்தெடுத்த 600 பேரில் 360 பேரின் பதில் எனக்கு மேல். மிச்சம் 240 பேர் யார் என்று குறைந்தபட்சம் தெரியும்.

பட்டியலில் ஒவ்வொரு பத்தாவது பெயராக எடுத்தால் போதாதா?

போதும், முதல் பெயரைச் சமவாய்ப்பாக எடுத்தால். நம் கணக்கில் இடைவெளி 4000/600 = 6.67. அதை 7 ஆக்கினால் 571 அல்லது 572 பேர்தான் வருவார்கள், 6 ஆக்கி 600 ஆனதும் நிறுத்தினால் பட்டியலின் கடைசி 400 பேருக்கு வாய்ப்பே இல்லாமல் போகும். தசமத்தோடு அப்படியே கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு தடவையும் மேல்நோக்கி முழு எண்ணாக்குங்கள். 0-க்கும் 6.67-க்கும் இடையில் 2.4 விழுந்தால் 2.4, 9.07, 15.73 என்று போகும், எடுக்க வேண்டியவர்கள் 3, 10, 16-ஆவது ஆட்கள்.

ஒரே ஆபத்து, பட்டியலுக்கே ஒரு தாளம் இருந்தால். வகுப்புக்கு 20 பேர், ஒவ்வொரு வகுப்பிலும் வகுப்புத் தலைவர் பெயர் முதலில் என்று பட்டியல் இருந்து, உங்கள் இடைவெளியும் 20 ஆக இருந்தால் வெறும் தலைவர்களே மாட்டலாம், அல்லது ஒரு தலைவர்கூட மாட்டாமல் போகலாம். எடுக்கும் முன் பட்டியல் எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

நான்கு பிரிவிலும் 150 பேர் வீதம் கேட்டேன். இது ஸ்ட்ராட்டிஃபைட் ஆகுமா, கோட்டா ஆகுமா?

பிரிவுக்குள் அந்த 150 பேரை எப்படிப் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிவின் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்தால் ஸ்ட்ராட்டிஃபைட், அதாவது அடுக்குமுறை. 150 நிரம்பும் வரை கிடைத்தவர்களிடம் கேட்டால் கோட்டா. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு அட்டவணையும் ஒன்றுபோல் இருக்கும், அதனால்தான் இவ்வளவு குழப்பம். கோட்டாவில் நூலக வாசல் பிரச்சினை அப்படியே இருக்கிறது, நான்கு வாசல் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

அடுக்குமுறையாகவே எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ஒரு தவறு காத்திருக்கிறது. கலையில் 1,600 பேர், அறிவியலில் 1,200, வணிகத்தில் 800, பொறியியலில் 400. விகிதப்படி எடுத்திருந்தால் 240, 180, 120, 60 என்று வந்திருக்கும். பொறியியலுக்கு 60 பேர் போதாது, பிரிவுகளை ஒப்பிட வேண்டும் என்பதற்காகச் சமமாக 150 எடுத்தது நியாயம்தான். ஆனால் இப்போது மொத்தச் சதவீதம் சொல்ல எல்லாரையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. வேலை பார்ப்பவர்கள் கலையில் 55%, அறிவியலில் 30%, வணிகத்தில் 40%, பொறியியலில் 10% என்று வந்தால்:

```
எடையில்லாமல்: (55 + 30 + 40 + 10) / 4           = 33.75
எடையோடு:     0.4*55 + 0.3*30 + 0.2*40 + 0.1*10 = 40
```

பொறியியல் மாணவர்கள் உண்மையில் பத்தில் ஒரு பங்கு, உங்கள் கோப்பில் நாலில் ஒரு பங்கு. எடை போடாததால் மட்டுமே ஆறு புள்ளிக்கு மேல் இறங்கிவிட்டது. தரவுக் கோப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு எடைப் பத்தி வைத்துக்கொள்ளுங்கள்: கலைக்கு 1600/150 = 10.67, பொறியியலுக்கு 400/150 = 2.67. இதை முதல் நாளே சேர்த்துவிடுங்கள், பகுப்பாய்வின்போது சேர்க்கலாம் என்று விட்டால் மறந்துபோகும்.

ஆளாளுக்குத் தேடிப் போவதைவிட 30 வகுப்புகளை எடுத்து முழு வகுப்பிடமும் கேட்டால் சுலபமாக இருக்குமே?

சுலபம்தான், முறையும் சரிதான். 200 வகுப்புகளின் பட்டியலிலிருந்து 30-ஐக் குலுக்கி எடுங்கள், வகுப்புக்கு 20 பேர் என்றால் 600 வந்துவிடும். இது கொத்து முறை. யாருக்கும் அநியாயம் இல்லை, எல்லாருக்கும் வாய்ப்பு 15%-தான்.

விலை வேறு இடத்தில். ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள், ஒரே கால அட்டவணை, மதியத்தோடு வகுப்பு முடிந்தால் பலர் வேலைக்குப் போவார்கள். அதனால் இருபதாவது மாணவர் புதிதாகச் சொல்வது குறைவு. இந்த ஒற்றுமையை 0 முதல் 1 வரையான ஓர் எண்ணால் குறிக்கிறார்கள், அது வெறும் 0.05 என்றாலே, மாதிரி எத்தனை மடங்கு சுருங்கியதற்குச் சமம் என்று சொல்லும் deff இப்படி வரும்:

```
deff = 1 + (20 - 1) * 0.05 = 1.95
600 / 1.95 = 308
```

600 பேரிடம் கேட்டாலும் 308 பேரைத் தனித்தனியாகக் குலுக்கி எடுத்ததற்குச் சமமான துல்லியம்தான் கிடைக்கும். வகுப்பில் எல்லாரிடமும் கேட்காமல் 60 வகுப்புகளில் பத்துப் பேர் வீதம் கேட்டால் deff 1.45 ஆகக் குறையும். வசதியையும் துல்லியத்தையும் இங்கேதான் பேரம் பேச வேண்டும். இன்னொன்று, அன்று வகுப்புக்கு வராதவர்களின் பெயர்களையும் எழுதி வைத்துப் பின்னால் தேடிப் பிடியுங்கள். வேலை பார்ப்பவர்தான் வகுப்புக்கு அதிகம் வராமல் போகிறவர்.

பட்டியலே கிடைக்கவில்லை. அப்படியென்றால் ஆய்வே செய்யக் கூடாதா?

செய்யலாம். முதலில் பட்டியல் உண்மையிலேயே இல்லையா என்று பாருங்கள், பெயர்ப் பட்டியல் தர மறுக்கும் அலுவலகம் வகுப்புகளின் பட்டியலைத் தரக்கூடும். கொத்து முறைக்கு அது போதும், பெயர்கள் எடுத்த 30 வகுப்புகளுக்கு மட்டும் தேவை.

அதுவும் இல்லையென்றால், அல்லது நீங்கள் தேடுவோர் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள் என்றால், வசதி மாதிரியோ ஒருவர் வழியாக இன்னொருவரைப் பிடிக்கும் பனிப்பந்து முறையோதான் வழி. அப்போது "மாணவர்களில் இத்தனை சதவீதம்" என்ற வகைக் கேள்வியைக் கைவிட்டு, வேலை பார்க்கும் மாணவர்கள் நேரத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள், என்னென்ன வகைச் சிக்கல்கள் வருகின்றன என்பது போன்ற கேள்விக்கு மாறுங்கள். பனிப்பந்தில் நண்பர்கள் அதிகம் உள்ளவர் சீக்கிரம் மாட்டுவார், தனியாக இருப்பவர் மாட்டவே மாட்டார், அதையும் எழுதுங்கள்.

600 பேரில் 240 பேர் பதில் தரவில்லை. அவர்களுக்குப் பதிலாக வேறு 240 பேரைப் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். எண்ணிக்கை நிரம்பும், சாய்வு அப்படியே இருக்கும், மாற்று ஆட்களிலும் பதில் தருகிறவர்தானே தருவார். என்ன நடக்கிறது என்று கணக்காகவே பார்ப்போம். பதில் தந்த 360 பேரில் 108 பேர் வேலை பார்க்கிறார்கள், 30%. பதில் தராத 240 பேரில் உண்மையில் 132 பேர் வேலை பார்க்கிறார்கள், 55%. சேர்த்தால் 600-க்கு 240, அதாவது 40%. நீங்கள் பார்ப்பது 30. சாய்வு எவ்வளவு என்பதற்கு ஒரு சின்னச் சூத்திரம்: பதில் தராதவர்களின் பங்கு × இரு தரப்புக்கும் உள்ள வித்தியாசம்.

```
0.4 * (30 - 55) = -10
```

இப்போது பிழை எல்லையைப் பாருங்கள். 360 பேருக்கு அது கூட்டல் கழித்தல் 4.7, ஆக 25.3 முதல் 34.7 வரை. உண்மையான 40 அதற்குள் இல்லை. சரி, 600-க்குப் பதில் 3,000 பேருக்கு அனுப்பியிருந்தால்? அதே 60%, 1,800 பதில், அதே 30%. எல்லை இப்போது 27.9 முதல் 32.1. தவறான விடையைச் சுற்றி வேலி இன்னும் இறுக்கமாகிவிட்டது. மாதிரியைப் பெரிதாக்கினால் தற்செயல் பிழைதான் குறையும், சாய்வு அசையாது. சூத்திரத்தில் பாருங்கள், n எங்கேயும் இல்லை.

ஆகவே மூவாயிரம் பேருக்கு அனுப்பும் உழைப்பை 600 பேரைத் துரத்துவதில் செலவழியுங்கள். முதல் அழைப்பு, ஒரு வாரம் கழித்து நினைவூட்டல், அப்புறம் வேறு வழியில் ஒரு தொடர்பு, மின்னஞ்சல் போட்டவருக்குத் தொலைபேசி, அல்லது வகுப்பறையில் நேரில்.

பதில் தராதவர்கள் வேறுபட்டவர்களா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர்கள்தான் பதிலே தரவில்லையே.

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பட்டியலில் ஏற்கெனவே உள்ள விவரங்கள்: பிரிவு, ஆண்டு, பாலினம். 600 பேரின் விகிதத்தையும் 360 பேரின் விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கலை மாணவர்கள் 40%-லிருந்து 31% ஆக இறங்கியிருந்தால் யார் கழன்றார்கள் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, எந்த அலையில் பதில் வந்தது என்று குறித்து வைப்பது. முதல் அழைப்புக்கே 200 பேர், அவர்களில் 48 பேர் வேலை, 24%. நினைவூட்டலுக்குப் பின் 100 பேர், 35 பேர் வேலை, 35%. கடைசி முயற்சியில் 60 பேர், 25 பேர் வேலை, கிட்டத்தட்ட 42%. மொத்தம் 108, நம் பழைய எண்தான். தாமதமாக வந்தவர்களில் விகிதம் ஏறிக்கொண்டே போகிறது என்றால் வராதவர்களிடம் இன்னும் அதிகம் இருக்க வாய்ப்புண்டு. இது உறுதியான நிரூபணம் இல்லை, பலமான துப்பு.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஹான்சனும் ஹர்விட்ஸும் 1946-இல் எழுதிய யோசனை. பதில் தராத 240 பேரிலிருந்து மட்டும் சமவாய்ப்பாக ஒரு சிறு தொகுதியை, 30 பேர் என்று வையுங்கள், எடுத்து அவர்களை எப்பாடுபட்டாவது எட்டுங்கள். முழு வினாநிரல் வேண்டாம், ஒரே கேள்வி: கடந்த வாரம் வேலை பார்த்தீர்களா? 24 பேர் கிடைத்து 13 பேர் ஆம் என்றால் 54%. இப்போது 0.6 × 30 + 0.4 × 54 = 39.6. ஒரு நாள் மாலை தொலைபேசியில் உட்கார்ந்தால் பத்துப் புள்ளிச் சாய்வில் பெரும்பகுதி போய்விடுகிறது. 24 பேர் என்பது சிறிய எண், அந்த 54-க்கும் அகலமான பிழை எல்லை உண்டு, 30 பேரில் கிடைக்காத ஆறு பேரும் இருக்கிறார்கள். இருந்தாலும் 30% என்று எழுதுவதைவிட இது உண்மைக்கு எவ்வளவோ பக்கம்.

எடை போட்டால் பதில் தராத சாய்வும் சரியாகிவிடும் என்கிறார்களே?

சில நேரம். முன்பு நான்கு பிரிவுக்குப் போட்ட எடை வேறு வகை, அங்கே சமமில்லாத வாய்ப்பை நீங்களே வைத்தீர்கள், அதனால் சரியான எடையும் தெரியும். இங்கே கலை மாணவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று அவர்களின் எடையைக் கூட்டினால், பதில் தந்த கலை மாணவர்களைத் தராத கலை மாணவர்களின் பிரதிநிதிகளாக ஆக்குகிறீர்கள். வேலை பார்க்கும் கலை மாணவர் வேலை காரணமாகவேதான் படிவத்தை நிரப்பவில்லை என்றால் அந்தப் பிரதிநிதித்துவம் பொய். பிரிவு விகிதங்கள் அட்டவணையில் அழகாகப் பொருந்தும், சாய்வு உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கும். எடை போடுங்கள், ஆனால் எடைக்கு முன்பும் பின்பும் விடை என்ன என்று இரண்டையும் காட்டுங்கள்.

மாதிரியைச் சரியாக எடுத்துவிட்டேன். இனி வினாநிரலில் என்ன சாய்வு வந்துவிடப் போகிறது?

நிறைய வரும். 1940-களின் தொடக்கத்தில் ரக் என்பவர் வெளியிட்ட ஒரு சோதனை இன்றும் பாடமாக இருக்கிறது. மக்களாட்சிக்கு எதிரான பொதுப் பேச்சுகளை அமெரிக்கா அனுமதிக்க வேண்டுமா என்று ஒரு பகுதியினரிடம் கேட்டபோது 62% பேர் கூடாது என்றார்கள். ஒத்த இன்னொரு பகுதியினரிடம் அவற்றைத் தடை செய்ய வேண்டுமா என்று கேட்டபோது 46% பேர்தான் ஆம் என்றார்கள். கேட்டது ஒன்றுதான், தடை என்ற சொல் கடுமையாக ஒலித்தது.

நம் ஆய்வில் "நீங்கள் வேலை பார்க்கிறீர்களா?" என்று கேட்டால் என்ன ஆகும்? வீட்டில் டியூஷன் எடுப்பவர் இல்லை என்பார், விடுமுறையில் மட்டும் போகிறவர் ஆம் என்பார், குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுகிறவர் தயங்குவார். வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்துக்குப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல், குறிப்பிட்ட ஒரு குறுகிய காலத்தில் சம்பளத்துக்கோ லாபத்துக்கோ குறைந்தது ஒரு மணி நேரம் வேலை செய்தாரா என்பது. அதை ஒட்டி, "கடந்த ஏழு நாட்களில் டியூஷன், இணைய வேலை, கடை வேலை உட்பட ஏதாவது ஒரு வேலையைப் பணத்துக்காகக் குறைந்தது ஒரு மணி நேரமாவது செய்தீர்களா?" என்று கேளுங்கள். நீளம்தான், ஆனால் எல்லாரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வார்கள். "உங்கள் படிப்பைப் பாதிக்கும் அளவுக்கு வேலை பார்க்கிறீர்களா" என்று இரண்டை ஒன்றாக்காதீர்கள். பாதிப்பு பற்றிய கேள்விகளை முன்னால் வைத்துவிட்டு வேலை பற்றிப் பின்னால் கேட்காதீர்கள், வேலையை ஒரு குற்றம்போல் காட்டிவிட்டால் சிலர் மறைப்பார்கள். அழைப்பிதழ்கூட முக்கியம்: "வேலை பார்க்கும் மாணவர்கள் பற்றிய ஆய்வு" என்று தலைப்புப் போட்டால் வேலை பார்க்காதவர் இது எனக்கில்லை என்று மூடிவிடுவார், "மாணவர்களின் வாராந்திர நேரம்" என்றால் அப்படி ஆகாது.

பைலட்டுக்கு எத்தனை பேர்? அவர்களின் பதிலையும் முடிவில் சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள், கேள்வி மாறியிருக்கும். முதலில் ஐந்தாறு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் என்ன புரிந்தது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், மேலே சொன்ன டியூஷன் பிரச்சினை இங்கேதான் வெளிப்படும். அப்புறம் ஒரு 30 பேரிடம் முழுதாக ஓட்டி, எந்தக் கேள்வியை நிறையப் பேர் தாண்டிப் போகிறார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். எடுத்த 600 பேரில் யாரையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

p மதிப்பு 0.05-க்குக் கீழே வந்துவிட்டது. அப்புறமும் சாய்வு பற்றி ஏன் கேட்கிறார்கள், என்னதான் எழுதுவது?

p மதிப்பு பார்ப்பது தற்செயல் பிழையை மட்டும்தான். 1,800 பதில்கள் வந்த கணக்கைத் திரும்பப் பாருங்கள், அங்கே சோதனை செய்தால் p மிக மிகச் சிறியதாக வரும், உண்மையான 40%-ஐக்கூட அது தயங்காமல் நிராகரிக்கும். வாட்ஸ்அப் மாதிரியில் p மதிப்பு எதைக் குறிக்கிறது என்பதே கேள்விக்குறி, அது நம்பியிருக்கும் சமவாய்ப்புத் தேர்வு அங்கே நடக்கவே இல்லை.

எழுத வேண்டியது, முதல் பதிலில் சொன்ன நான்கு படிகளும் எண்களோடு: முழுத்தொகுதி 4,000, எந்தத் தேதியிட்ட பட்டியல், அதில் யார் இல்லை, எந்த முறையில் 600, எத்தனை தொடர்புக்குப் பின் 360. அடுத்து அலை வாரியான அட்டவணை, தொலைபேசியில் பிடித்த சிறு தொகுதியின் விடை. "சில குறைபாடுகள் இருக்கலாம்" என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு, சாய்வு எந்தப் பக்கம், ஏறக்குறைய எவ்வளவு என்று எழுதுங்கள்: வேலை பார்ப்போர் குறைவாகவே பதிலளித்திருப்பதால் 30% என்பது குறைமதிப்பீடு, பின்தொடர்தலின்படி 40% அருகில்.

தொலைபேசித் தொடர்பும் முடியாமல் போனால் கடைசியாக ஒரு கணக்கு இருக்கிறது. பதில் தராத 240 பேரில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை என்றால் 108/600, 18%. அத்தனை பேரும் பார்க்கிறார்கள் என்றால் 348/600, 58%. எந்த ஊகமும் இல்லாமல் உங்கள் தரவு சொல்வது இந்த 600 பேரில் 18-க்கும் 58-க்கும் இடையில் என்பது மட்டும்தான். அகலமாக இருக்கிறது என்று பயப்படாமல் அதை ஆய்வேட்டில் போடுங்கள், பிறகு அலை அட்டவணையை வைத்து ஏன் மேல் பாதியை அதிகம் நம்புகிறீர்கள் என்று விளக்குங்கள். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்கக்கூடிய கேள்வியும் இதுதான்: அந்த 240 பேர் யார்?